மெல்லிய லென்சு கணக்கில் 60 வர வேண்டிய இடத்தில் 12 வருவது ஏன்?

கேள்வி: குவிலென்சு, f = 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்துல இருக்கு. எங்க புத்தகத்துல 1/v − 1/u = 1/f. அதுல போட்டா எனக்கு 12 வருது. யூடியூப்ல ஒருத்தர் 1/v + 1/u = 1/f போட்டு 60 சொல்றார், விடையும் 60தான். ரெண்டு லென்சு கணக்கு வந்தா இன்னும் மோசம், ரெண்டாவது லென்சுக்கு u பிளஸா மைனஸான்னே தெரியல. எது சரியான சமன்பாடு? கணக்கு முடியுற வரைக்கும் குழம்பாம எப்படிப் போடுறது?

பதில்:

இரண்டு சமன்பாடுகளும் சரிதான். ஒரு மரபின் சமன்பாட்டை எடுத்து அதற்குள் இன்னொரு மரபின் எண்ணைப் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் 12 வந்தது. 1/v − 1/u = 1/f என்பது கார்ட்டீசியன் குறியீட்டு மரபுக்கு உரியது. அதன்படி லென்சின் ஒளியியல் மையத்திலிருந்து எல்லாத் தொலைவுகளையும் அளக்க வேண்டும்; படுகதிர் போகும் திசையில் அளந்தால் பிளஸ், எதிர்த்திசையில் அளந்தால் மைனஸ். ஒளி இடமிருந்து வலமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் 30 செ.மீ. தள்ளி இருக்கும் பொருளுக்கு u = −30. நீங்கள் 30 என்று போட்டிருப்பீர்கள்:

```
1/v = 1/f + 1/u
    = 1/20 + 1/30    = 5/60   →  v = 12   (தவறு)
    = 1/20 + 1/(−30) = 1/60   →  v = 60   (சரி)
```

யூடியூபில் போட்டவர் பயன்படுத்தியது "மெய் எல்லாம் பிளஸ்" என்ற மரபு. அதில் மெய்ப்பொருளுக்கும் மெய்ப்பிம்பத்துக்கும் தொலைவு பிளஸ், மாயமானவற்றுக்கு மைனஸ். அதனால் u = 30 என்றே போட்டு 1/v + 1/u = 1/f என்று எழுதுகிறார். அவருக்கும் 60 வருகிறது. சமன்பாடும் குறியீட்டு விதியும் ஒரே ஜோடி. ஜோடியைப் பிரித்தால்தான் வம்பு.

அந்த 12ஐ உடனே அடித்துவிடாதீர்கள். அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. லென்சுக்கு வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி ஒரு புள்ளியில் குவியப் போய்க்கொண்டிருக்கும் ஒளியின் குறுக்கே இந்தக் குவிலென்சை வைத்தால் எங்கே குவியும்? 12 செ.மீ. தூரத்தில். ஏற்கெனவே குவிந்துகொண்டு வந்த ஒளியை லென்சு இன்னும் சீக்கிரம் குவித்துவிட்டது. u = +30 என்று எழுதியபோது நீங்கள் அறியாமல் சொன்னது இதைத்தான். இரண்டு லென்சு கணக்கில் இதே நிலைமை நிஜமாகவே வரும் என்பதால் இதை நினைவில் வைத்திருங்கள்.

உங்கள் கணக்கில் 12 தவறு என்பதை விடைப்பக்கம் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். குவியத்துக்கு வெளியே ஒரு மெய்ப்பொருளை வைத்தால், குவிலென்சு தரும் மெய்ப்பிம்பம் ஒருபோதும் குவியத் தொலைவுக்குள் விழாது. முடிவிலாத் தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்களே 20 செ.மீ.யில்தான் குவிகின்றன. 30 செ.மீ.யிலிருந்து வரும் கதிர்கள் லென்சை அடையும்போது விரிந்துகொண்டே வருகின்றன, அவற்றைக் குவிப்பது இன்னும் கடினம். ஆகவே பிம்பம் 20க்கு அப்பால்தான் இருக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: குவிலென்சில் மெய்ப்பொருளுக்கும் மெய்ப்பிம்பத்துக்கும் இடையே உள்ள தூரம் 4fக்குக் குறையவே முடியாது. இங்கே 4f = 80. உங்கள் விடைப்படி 30 + 12 = 42, சாத்தியமில்லை. 30 + 60 = 90, சாத்தியம்.

அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "சமன்பாட்டிலேயே −1/u என்று மைனஸ் இருக்கிறதே, அப்புறம் u-க்கு இன்னொரு மைனஸ் எதற்கு? இரண்டு தடவை போட்டால் அடிபட்டுப் போகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அடிபட்டுப் போவதற்காகத்தான் அந்த மைனஸ் அங்கே இருக்கிறது.

படம் வரைந்து பார்த்தால் புரியும். குவிலென்சு, இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் தலைகீழான மெய்ப்பிம்பம். குறி எதுவும் இல்லாத வெறும் நீளங்களாகப் பொருள் தொலைவை a என்றும், பிம்பத் தொலைவை b என்றும், குவியத் தொலைவை f என்றும் வையுங்கள். ஒளியியல் மையத்தின் வழியாகப் போகும் கதிர் உருவாக்கும் இரண்டு வடிவொத்த முக்கோணங்களிலிருந்து பிம்ப உயரம் / பொருள் உயரம் = b/a. அச்சுக்கு இணையாக வந்து குவியத்தின் வழியாகப் போகும் கதிர் உருவாக்கும் முக்கோணங்களிலிருந்து அதே விகிதம் = (b − f)/f. இரண்டையும் சமப்படுத்தி b-ஆல் வகுத்தால்

1/b + 1/a = 1/f

வெறும் நீளங்களுக்கு இயற்கையாகக் கிடைப்பது இந்தப் பிளஸ் வடிவம்தான். ஆனால் இது நாம் வரைந்த அந்த ஒரு படத்துக்கு மட்டுமே பொருந்தும். மாயபிம்பம் வந்தால் வேறு படம், குழிலென்சு வந்தால் வேறு படம், ஒவ்வொன்றுக்கும் வேறு சமன்பாடு. எல்லாவற்றுக்கும் ஒரே சமன்பாடு வேண்டுமென்றால் நீளங்களுக்குப் பதில் குறியுள்ள எண்கள் வேண்டும். கார்ட்டீசியன் மரபில் பொருள் இடப்பக்கம் இருப்பதால் u = −a. அதாவது a = −u. பிம்பம் வலப்பக்கம் இருப்பதால் b = v. இவற்றைப் போட்டால் 1/v − 1/u = 1/f.

ஆக, சமன்பாட்டில் உள்ள மைனஸ் "u என்ற எழுத்துக்குள் ஏற்கெனவே ஒரு மைனஸ் எண் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. நீங்கள் 30ஐ அப்படியே போட்டால் வேலையில் பாதிதான் நடந்திருக்கிறது. சமன்பாட்டை நிறுவும்போது ஒருமுறை, எண்களைப் போடும்போது ஒருமுறை என்று குறியை இரண்டு இடத்தில் பயன்படுத்துவது மிகையல்ல. இரண்டும் சேர்ந்தால்தான் 1/30 மறுபடி 1/30 ஆகிறது. "மெய் எல்லாம் பிளஸ்" மரபில் u = a, v = b என்பதால் பிளஸ் வடிவம் மாறாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

குறியை ஒளியோடு சேர்த்துப் பாருங்கள்

"பொருள் மைனஸ், பிம்பம் பிளஸ்" என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் லென்சு வரைக்கும்தான் அது தாங்கும். அதைவிட நல்ல வழி, கார்ட்டீசியன் சமன்பாட்டைச் சற்று மாற்றி எழுதுவது:

1/v = 1/u + 1/f

இதில் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருள் உண்டு. தொலைவுகளை மீட்டரில் எடுத்துக்கொண்டால் மூன்றும் டயாப்டர் அலகில் வரும். 1/u என்பது லென்சை வந்தடையும் ஒளி எவ்வளவு விரிந்துகொண்டோ குவிந்துகொண்டோ வருகிறது என்பதன் அளவு. விரிந்து வந்தால் மைனஸ், குவிந்து வந்தால் பிளஸ், இணையாக வந்தால் பூஜ்யம். 1/f என்பது லென்சின் திறன், அதாவது லென்சு தன் பங்குக்குச் சேர்க்கும் குவிவு. 1/v என்பது வெளியேறும் ஒளியின் குவிவு. வந்ததோடு லென்சு தன் பங்கைக் கூட்டுகிறது, கிடைப்பது வெளியே போகிறது. சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்.

உங்கள் கணக்கையே இப்படிப் படிக்கலாம். 30 செ.மீ. தள்ளியுள்ள பொருளிலிருந்து ஒளி விரிந்து வருகிறது: 1/(−0.30) = −3.33 டயாப்டர். லென்சு சேர்ப்பது 1/0.20 = +5. வெளியேறுவது +1.67. பிளஸ் என்பதால் குவிகிறது, 1/1.67 = 0.60 மீட்டரில் குவிகிறது. நீங்கள் u = +30 போட்டபோது +3.33 என்று ஆரம்பித்தீர்கள். பொருளிலிருந்து நேராக வரும் ஒளி குவிந்துகொண்டு வருமா? வராது. எரியும் மெழுகுவத்தியோ ஊசியோ, மெய்யான எந்தப் பொருளிலிருந்தும் ஒளி விரிந்துதான் வரும். எனவே மெய்ப்பொருளுக்கு u மைனஸ் என்பது ஒரு விதியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை, ஒளியின் நடத்தையிலிருந்தே வந்துவிடுகிறது. குவிலென்சு குவிவைக் கூட்டுகிறது, ஆகவே f பிளஸ். குழிலென்சு குறைக்கிறது, ஆகவே f மைனஸ்.

இரண்டு லென்சு: u2 பிளஸா மைனஸா?

இப்போது உங்கள் இரண்டாவது சந்தேகம். அதே பொருள், அதே லென்சு. முதல் லென்சுக்கு வலப்பக்கம் 40 செ.மீ. தள்ளி f2 = −30 செ.மீ. உள்ள குழிலென்சு ஒன்றை வைக்கிறோம். கடைசிப் பிம்பம் எங்கே?

முதல் லென்சு மட்டும் இருந்தால் பிம்பம் அதிலிருந்து 60 செ.மீ.யில் விழும். ஆனால் 40 செ.மீ.யிலேயே குழிலென்சு குறுக்கே நிற்கிறது. ஒளி குவிந்து முடிவதற்குள் பிடித்துவிட்டது. முதல் பிம்பம் விழவேண்டிய இடம் குழிலென்சுக்கு வலப்பக்கம், 60 − 40 = 20 செ.மீ. அப்பால். அங்கே பிம்பம் உண்மையில் உருவாகவே இல்லை. ஆனாலும் குழிலென்சைப் பொறுத்தவரை அதுதான் பொருள்; இதை மாயப்பொருள் என்பார்கள். அது ஒளி போகும் திசையிலேயே இருக்கிறது, எனவே u2 = +20.

"பொருளுக்கு எப்போதும் மைனஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே −20 போடுவார்கள். அந்தப் பழக்கம் வராமல் தடுக்க ஒரு சின்ன ஏற்பாடு போதும். மேசைமேல் ஒரு அளவுகோலைப் படுக்கவைத்ததாக நினைத்துக்கொண்டு, பிம்பம் இருக்கும் இடத்திலிருந்து லென்சு இருக்கும் இடத்தைக் கழியுங்கள். முதல் லென்சு 0, இரண்டாவது லென்சு d. முதல் பிம்பம் v1. எனவே

u2 = v1 − d

இதைக் குறியோடு அப்படியே போட்டால், மெய்யா மாயமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கே 60 − 40 = +20. முதல் பிம்பம் மாயபிம்பமாகி v1 = −60 என்று வந்திருந்தால் u2 = −60 − 40 = −100. அதுவும் சரி, ஏனென்றால் அப்போது ஒளி 100 செ.மீ. பின்னாலிருந்து விரிந்து வருவதுபோல் வரும். "|v1|-உடன் d-ஐக் கூட்டணுமா கழிக்கணுமா" என்ற குழப்பம் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

```
லென்சு 1:  1/v1 = 1/20 + 1/(−30) = 1/60      v1 = +60
           m1 = v1/u1 = 60/(−30) = −2
இடைவெளி:  u2 = v1 − d = 60 − 40 = +20
லென்சு 2:  1/v2 = 1/(−30) + 1/20 = 1/60      v2 = +60
           m2 = v2/u2 = 60/20 = +3
மொத்தம்:   m = m1 × m2 = −6
```

குழிலென்சிலிருந்து வலப்பக்கம் 60 செ.மீ.யில், திரையில் பிடிக்கக்கூடிய மெய்ப்பிம்பம். 2 செ.மீ. உயரப் பொருள் 12 செ.மீ. உயரத்தில் தலைகீழாக விழும். டயாப்டரில் பார்த்தால் குழிலென்சுக்கு +5 வருகிறது, அது −3.33ஐச் சேர்க்கிறது, +1.67 வெளியேறுகிறது. குவிவு குறைந்தது, ஆனால் தீரவில்லை. எனவே ஒளி இன்னும் தள்ளிப்போய்க் குவிகிறது.

u2 = −20 என்று போட்டிருந்தால் 1/v2 = −1/30 − 1/20 = −1/12. v2 = −12, மாயபிம்பம். இந்தத் தவறு ஆபத்தானது, ஏனென்றால் விடை நம்பும்படியாக இருக்கிறது. "குழிலென்சு எப்போதும் மாயபிம்பம்தான் தரும்" என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்போம், அதனால் மனசு ஒப்புக்கொள்கிறது. அந்த வாக்கியம் மெய்ப்பொருளுக்கு மட்டும்தான் உண்மை. குவிந்து வரும் ஒளி போதுமான அளவு வேகமாகக் குவிந்தால் குழிலென்சால் அதை முழுசாக விரிக்க முடியாது.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. கல்லூரி ஆய்வகத்தில் குழிலென்சின் குவியத் தொலைவைக் கண்டுபிடிப்பதே இப்படித்தான். குழிலென்சு தனியாகத் திரையில் பிம்பம் தராது, எனவே துணைக்கு ஒரு குவிலென்சு. முதலில் குவிலென்சால் மட்டும் திரையில் பிம்பத்தைப் பிடித்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நடுவில் குழிலென்சை வைத்தால் பிம்பம் கலங்கும். திரையைப் பின்னால் நகர்த்தினால் இன்னொரு இடத்தில் மறுபடி தெளியும். குழிலென்சிலிருந்து முதல் இடத்துக்கு 20, இரண்டாம் இடத்துக்கு 60. இரண்டும் பிளஸ். 1/f = 1/60 − 1/20 = −1/30. f = −30. இங்கே குறியில் தவறினால் 1/60 + 1/20 = 1/15 என்று வந்து, குழிலென்சுக்கு +15 என்ற குவியத் தொலைவு கிடைக்கும்; கையில் இருப்பது குழிலென்சு என்று தெரிந்தபின் அதை எழுத யாருக்கும் மனசு வராது.

இடைவெளியை மட்டும் மாற்றிப் பாருங்கள், சமன்பாடு தானாகவே கதை சொல்லும். d = 30 என்றால் u2 = +30. 1/v2 = −1/30 + 1/30 = 0. ஒளி இணையாக வெளியேறுகிறது. d = 20 என்றால் u2 = +40. 1/v2 = −1/30 + 1/40 = −1/120, v2 = −120. இப்போது குழிலென்சு ஜெயித்துவிட்டது, ஒளி விரிந்து வெளியேறுகிறது, பிம்பம் மாயமானது. m2 = −120/40 = −3. மொத்தம் m = (−2) × (−3) = +6. நிமிர்ந்த பிம்பம்! ஒரே அமைப்பில் லென்சை 20 செ.மீ. நகர்த்தியதில் தலைகீழ் பிம்பம் நிமிர்ந்துவிட்டது. குவிலென்சின் பிம்பம் விழுமுன் குழிலென்சை வைத்து நிமிர்ந்த பிம்பம் பெறுவது, 1609இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியின் அமைப்புதான். குறிகளை ஒழுங்காகக் கொண்டுபோனால் இது படம் வரையாமலே வெளிவருகிறது.

இதே கணக்கை யூடியூப்காரரின் மரபில் போட்டுப் பார்க்கலாம், d = 40க்கு. முதல் லென்சு: 1/v1 = 1/20 − 1/30, v1 = 60. அந்த மரபில் மாயப்பொருளுக்கு மைனஸ், எனவே u2 = d − v1 = −20. 1/v2 = 1/f2 − 1/u2 = −1/30 + 1/20 = 1/60, v2 = 60. அதே விடை. ஆனால் u2-வின் குறி நேர் எதிர். அதனால்தான் இரண்டாம் லென்சுக்கு u பிளஸா மைனஸா என்று மரபைச் சொல்லாமல் கேட்டால் பதில் சொல்ல முடியாது. உருப்பெருக்கமும் மரபோடு மாறும்: கார்ட்டீசியனில் m = v/u, அங்கே m = −v/u. யாராவது 1/v + 1/u = 1/f போட்டுவிட்டு m = v/u என்று முடித்தால் முதல் லென்சுக்கு m = +2 வரும். மெய்ப்பொருளுக்கு ஒற்றை லென்சு தரும் மெய்ப்பிம்பம் எப்போதும் தலைகீழ்தான். நிமிர்ந்த மெய்ப்பிம்பம் என்று விடை வந்தால் எங்கோ இரண்டு மரபுகள் கலந்துவிட்டன என்று அர்த்தம். சில பழைய நூல்களில் ஒளிக்கு எதிர்த்திசையைப் பிளஸ் என்று கொண்டு, குவிலென்சின் f-ஐ மைனஸாக எழுதுவதும் உண்டு. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் பயப்படாதீர்கள், ஆனால் பாதிக் கணக்கில் அதற்குள் நுழையாதீர்கள். உங்கள் புத்தகம் கார்ட்டீசியன் என்பதால் தேர்வுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் முதல் வரியாக ஒளியின் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டு u1, f1, f2, d நான்கையும் குறியோடு எழுதிவிடுங்கள்.

தெரியாத எழுத்துக்குக் குறி போடாதீர்கள்

இரண்டாவது பெரிய பொறி இது. "f = 20 செ.மீ. உள்ள குவிலென்சு பொருளைப்போல் மூன்று மடங்கு பெரிய பிம்பத்தைத் தருகிறது. பொருள் எங்கே உள்ளது?" என்று கேட்டால் பலர், பொருள் இடப்பக்கம் என்பதால் சமன்பாட்டில் u-வுக்குப் பதில் −u என்று எழுதுவார்கள். அங்கே எழுத்தின் அர்த்தம் மாறிவிட்டது. அடுத்த வரியில் m = v/u என்று பழைய அர்த்தத்தில் பயன்படுத்துவார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு u.

எண் தெரிந்தால் மட்டும் குறி போடுங்கள். தெரியாத எழுத்தை எழுத்தாகவே விடுங்கள், குறி விடையோடு வரும். இந்தக் கேள்வியில் எண்ணாகத் தெரிந்தவை f = +20, அப்புறம் m. m எவ்வளவு? "மூன்று மடங்கு" என்பது அளவை மட்டும்தான் சொல்கிறது, குறியைச் சொல்லவில்லை. ஆகவே இரண்டு வழிகளையும் பார்க்க வேண்டும்.

m = −3 என்றால் v = −3u. அதைப் போட்டால் −1/(3u) − 1/u = 1/20, அதாவது −4/(3u) = 1/20. u = −26.7, v = +80. பிம்பம் மெய், தலைகீழ். m = +3 என்றால் v = 3u. 1/(3u) − 1/u = −2/(3u) = 1/20. u = −13.3, v = −40. பிம்பம் மாயம், நிமிர்ந்தது, உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்ப்பதுபோல். இரண்டிலும் u தானாகவே மைனஸாக வந்திருப்பதைக் கவனியுங்கள். நாம் போடவில்லை. மெய்ப்பொருளுக்கு u பிளஸாக வந்திருந்தால் அதுவே எச்சரிக்கை மணி. கேள்வியில் "திரையில்" என்ற சொல் இருந்தால் முதல் விடை, "நிமிர்ந்த" என்று இருந்தால் இரண்டாவது. இரண்டும் இல்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள். கடைசி வரியில் "பொருள் லென்சிலிருந்து 26.7 செ.மீ. தொலைவில்" என்று மைனஸ் இல்லாமல் எழுதலாம், அப்போது நீங்கள் சொல்வது நீளம், u அல்ல.

சில கேள்விகளில் v-யின் குறி எண்ணாக இல்லாமல் சொற்களில் ஒளிந்திருக்கும். வாசிப்புக் கண்ணாடிக் கணக்குகள் அப்படித்தான். ஒருவருக்கு 50 செ.மீ.க்கு உள்ளே தெளிவாகத் தெரியாது; 25 செ.மீ.யில் புத்தகம் படிக்க என்ன திறன் வேண்டும்? புத்தகம் u = −25. கண்ணாடி தரும் பிம்பம் 50 செ.மீ.யில் இருக்க வேண்டும், சரி, எந்தப் பக்கம்? அவர் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எழுத்துகள் புத்தகம் இருக்கும் பக்கத்திலேயே, இன்னும் தள்ளி இருப்பதுபோல் தெரிய வேண்டும். எனவே v = −50. 1/f = 1/(−0.50) − 1/(−0.25) = −2 + 4 = +2 டயாப்டர். v = +50 போட்டால் +6 டயாப்டர் வரும். அந்தக் கண்ணாடி எழுத்தின் பிம்பத்தைக் கண் இருக்கும் பக்கம், தன்னிலிருந்து அரை மீட்டரில், அவர் தலைக்கும் பின்னால் உருவாக்கப் பார்க்கும். போட்டுக்கொண்டவருக்கு எதுவும் தெளியாது.

ஆடி வந்தால்

கடைசியாக ஒன்று, ஏனென்றால் உங்கள் குழப்பத்தில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கோளக ஆடிக்கு உங்கள் புத்தகத்திலேயே 1/v + 1/u = 1/f என்று பிளஸ் இருக்கும், m = −v/u என்றும் இருக்கும். பார்ப்பதற்கு யூடியூபில் போட்ட லென்சு சமன்பாடு மாதிரியே இருக்கிறது. ஆனால் அதுவும் கார்ட்டீசியன்தான்: பொருளுக்கு u மைனஸ், குழியாடிக்கு f மைனஸ். ஆடியில் பட்டபின் ஒளி திரும்பி வருகிறது, அதனால் மெய்ப்பிம்பமும் பொருள் இருக்கும் பக்கமே விழுகிறது. u, v இரண்டும் மைனஸ், f-உம் மைனஸ். எல்லாக் குறியும் மாறும்போது சமன்பாட்டின் பிளஸ் அப்படியே நின்றுவிடுகிறது. எடுத்துக்காட்டாக f = −20, u = −30 என்றால் 1/v = −1/20 + 1/30 = −1/60, v = −60. மெய்ப்பிம்பம், ஆடிக்கு முன்னால் 60 செ.மீ.யில். m = −(−60)/(−30) = −2, தலைகீழ். ஆகவே "v பிளஸ் என்றால் மெய்" என்ற பழக்கத்தை லென்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடியில் v மைனஸ் என்றால்தான் மெய். லென்சும் ஆடியும் சேர்ந்து வரும் கணக்கில், ஒளி திரும்பியதும் புதிதாக அம்புக்குறி வரைந்து, அந்தத் திசையைப் பிளஸ் என்று கொண்டு, அடுத்த உறுப்பின் மையத்திலிருந்து தொலைவுகளை மறுபடி அளந்து எழுதுங்கள். u2 = v1 − d என்ற வரி அப்போது அப்படியே செல்லாது, ஏனென்றால் அளவுகோலின் திசையே மாறிவிட்டது.